அம்புக்குறியைச் சாய்த்துப் போடுங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் "அரைமணி நேரம், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க சார்" என்றார். எதைப் பற்றி வேண்டுமானாலும் என்றால் எதைப் பற்றியும் பேச முடியாது. அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதிய எல்லோரும் ஒரு தடவையாவது போட்ட படம் அது. இடது பக்கம் ஒரு கோடு, அது கிளையன்ட். வலது பக்கம் ஒரு கோடு, அது சர்வர். நடுவில் மூன்று அம்புக்குறி போட்டால் டிசிபி இணைப்பு திறந்துவிட்டது, நான்கு அம்புக்குறி போட்டால் மூடிவிட்டது. இதற்கு சீக்வென்ஸ் டயகிராம் என்று பெயர். முழு மார்க்கும் கிடைக்கும்.

இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரே கேள்விதான். திறப்பதற்கு மூன்று போதும், மூடுவதற்கு மட்டும் ஏன் நான்கு? இந்த ஒரு கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது. படத்தைச் சரியாகப் போட்டால் தெரியும். அவசரமாகப் போட்டால் மறைந்துவிடும்.

முதலில் திறப்பதைப் பார்ப்போம். கட்டம் போட்ட நோட்டுத்தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் மேலிருந்து கீழே போகிறது. ஒரு கட்டம் 100 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு பாக்கெட் போய்ச் சேர அதே 100 மில்லி செகண்ட் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு அம்பும் கிளம்பிய இடத்தைவிட ஒரு கட்டம் கீழே போய்த்தான் சேர வேண்டும். சாய்வாகத்தான் போட முடியும். நேர்கோடாகப் போட்டால், பாக்கெட் கிளம்பிய அதே நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும்.

கிளையன்ட் 0-வது மில்லி செகண்டில் SYN அனுப்புகிறது. அதில் `seq=100` என்று ஒரு எண். "என் பைட்டுகளை 100-லிருந்து எண்ணப் போகிறேன்" என்று அதற்குப் பொருள். நிஜத்தில் இது 32 பிட் எண், யாரும் ஊகிக்க முடியாதபடி தேர்ந்தெடுக்கப்படுவது. படத்துக்கு 100 போதும். சர்வருக்கு அது 100-வது மில்லி செகண்டில் கிடைக்கிறது. சர்வர் பதிலாக SYN, ACK இரண்டையும் ஒரே பாக்கெட்டில் போட்டு அனுப்புகிறது: `seq=300`, `ack=101`. "என் எண் 300-லிருந்து, உன் 100 வந்தது, அடுத்து 101-ஐ எதிர்பார்க்கிறேன்." கிளையன்டுக்கு அது 200-ல் வருகிறது. உடனே `seq=101`, `ack=301` என்று மூன்றாவது அம்பு. அது சர்வருக்கு 300-ல் போய்ச் சேருகிறது.

இப்போது இரண்டு கோட்டின் ஓரத்திலும் நிலையை எழுதுங்கள். இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். 1981 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 793 தான் டிசிபியின் மூல ஆவணம். 2022-ல் அதன் இடத்தை ஆர்.எஃப்.சி. 9293 எடுத்துக்கொண்டது. மூல ஆவணத்தில் இந்தப் படம் வெறும் தட்டச்சு எழுத்தில்தான் இருக்கிறது. அம்புகள் படுக்கையாகத்தான் கிடக்கின்றன, வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்தில் ஒரு பக்கத்தின் நிலை, வலது ஓரத்தில் மறுபக்கத்தின் நிலை என்று ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். நம்ம கைடுகளில் அம்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை வெட்டிவிட்டார்கள்!

ஓரத்தில் எழுதிப் பார்த்தால், கிளையன்ட் 200-லேயே `ESTABLISHED` ஆகிவிடுகிறது. சர்வர் 300-ல்தான் ஆகிறது. நடுவில் 100 மில்லி செகண்ட், ஒரு பக்கம் "இணைப்பு இருக்கிறது" என்கிறது, மறுபக்கம் "இன்னும் இல்லை" என்கிறது. "இணைப்பு எப்போது ஏற்பட்டது?" என்று கேட்டால் ஒரே ஒரு பதில் கிடையாது. படுக்கை அம்பு போட்டவருக்கு இந்த இடைவெளி கண்ணிலேயே படாது.

சரி, ஏன் மூன்று? உண்மையில் சொல்ல வேண்டிய விஷயம் நான்கு. என் எண் இது. உன் பக்கத்திலிருந்து "வந்தது" என்ற ஒப்புதல். உன் எண் இது. என் பக்கத்திலிருந்து ஒப்புதல். நடுவில் இருக்கும் இரண்டையும் சர்வரே சொல்கிறது, ஒரே நேரத்தில் சொல்கிறது. அதனால் ஒரே பாக்கெட்டில் ஏறிவிடுகிறது. நான்கு மூன்றாகிவிட்டது.

"கடைசி ஒப்புதல் எதுக்கு சார், இரண்டே போதாதா?" என்று கேட்கலாம். 1970-களில் இதை யோசித்தவர்களுக்கும் இந்தக் கேள்வி வந்தது. 1975-ல் ரே டாம்லின்சன் இதற்கு வழி சொன்னார். மின்னஞ்சல் முகவரியில் @ குறியை வைத்தாரே, அவரேதான். சிக்கல் என்னவென்றால், எப்போதோ அனுப்பிய பழைய SYN ஒன்று வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு, தாமதமாக சர்வரிடம் வந்து சேரலாம். இரண்டே அம்பு என்றால் சர்வர் அதை நம்பிக் கதவைத் திறந்துவிட்டு, வராத ஆளுக்காகக் காத்திருக்கும். மூன்று என்றால், சர்வரின் பதில் கிளையன்டுக்குப் போகும்போது, "நான் இந்த எண்ணில் எதுவும் கேட்கவில்லையே" என்று கிளையன்ட் RST அனுப்பிவிடும். படத்தில் மூன்றாவது அம்பின் பெயர் மட்டும் மாறும். கதவு மூடிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டு மேலே போகலாம். இந்த மூன்று அம்பில் எதையும் சர்வரில் ஓடும் புரோகிராம் அனுப்பவில்லை. எல்லாம் கெர்னல் வேலை. புரோகிராம் ஆரம்பத்தில் ஒரு தடவை `listen()` சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பிறகு அது தூங்கினாலும் சரி, வேறு வேலையில் சிக்கியிருந்தாலும் சரி, கெர்னல் பாட்டுக்குக் கைகுலுக்கி இணைப்பை வரிசையில் நிறுத்தி வைக்கும். புரோகிராம் `accept()` சொல்லும்போது எடுத்துக் கொடுக்கும். வாசலில் நிற்கும் காவலாளி வரவேற்று நாற்காலியில் உட்கார வைப்பது மாதிரி. உள்ளே அதிகாரி இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

இனி மூடுவது. கிளையன்ட் ஒரு டேட்டாவும் அனுப்பாமல் உடனே மூடுகிறது என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். மலரில் அச்சிடுவதற்காக அம்புகளைப் படுக்கையாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் நோட்டில் சாய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
client                             server
ESTABLISHED                        ESTABLISHED
FIN_WAIT1   -- FIN seq=101 -->
            <-- ACK ack=102 --     CLOSE_WAIT
FIN_WAIT2                              |
                                       |  close() ?
                                       |
            <-- FIN seq=301 --     LAST_ACK
TIME_WAIT   -- ACK ack=302 -->     CLOSED
```

கிளையன்ட் FIN அனுப்புகிறது. "என்னிடம் சொல்ல இனி ஒன்றுமில்லை" என்று அர்த்தம். "நீயும் பேசாதே" என்று அர்த்தமில்லை. SYN மாதிரியே FIN-உம் ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 101-க்கு ஒப்புதல் 102. வெறும் ACK எண் எதையும் எடுத்துக்கொள்ளாது. படம் சரியா என்று பார்க்க இதுவே நல்ல சோதனை. நடுவில் கிளையன்ட் 50 பைட் அனுப்பியிருந்தால் அவை 101 முதல் 150 வரை போயிருக்கும், FIN 151 ஆகியிருக்கும், ஒப்புதல் 152 வர வேண்டும். உங்கள் படத்தில் கணக்கு உதைத்தால் எங்கோ ஒரு அம்பு விட்டுப்போயிருக்கிறது.

சர்வர் பக்கத்தில் அந்த ACK-ஐ அனுப்புவது யார்? கெர்னல். யாரையும் கேட்காமல் அனுப்பிவிடும். அந்த நொடியில் சர்வர் `CLOSE_WAIT` ஆகிறது. ஆனால் சர்வரின் FIN-ஐ கெர்னல் தானாக அனுப்பக்கூடாது. புரோகிராம் இன்னும் ஏதாவது பதில் அனுப்ப வேண்டியிருக்கலாம். புரோகிராம் தன் வாயால் `close()` என்று சொன்னால்தான் FIN போகும். (அல்லது புரோகிராமே செத்துப் போனால், கெர்னல் அதன் சார்பாக மூடும்.)

நம் கேள்விக்குப் பதில் இதுதான். திறக்கும்போது நடு இரண்டு விஷயங்களையும் ஒரே ஆள், கெர்னல், சொல்கிறது, ஒன்றாகப் போகின்றன. மூடும்போது ஒன்றைக் கெர்னல் சொல்கிறது, இன்னொன்றைப் புரோகிராம் சொல்கிறது. நடுவில் ஒரு மனுஷர் எழுதிய கோடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் நான்கு. புரோகிராம் சட்டென்று `close()` சொல்லிவிட்டால், கெர்னல் தன் ACK-ஐக் கொஞ்சம் தாமதித்து FIN-உடன் சேர்த்தே அனுப்பிவிடும். அப்போது மூடுவதும் மூன்றே பாக்கெட்டில் முடியும். நிஜமாகப் பிடித்துப் பார்த்தவர்கள் "புத்தகத்தில் நான்கு, இங்கே மூன்றுதானே வருது" என்று குழம்புவது இதனால்தான். புத்தகமும் சரி, கண்ணில் பட்டதும் சரி.

ஆகவே படம் போடும்போது அந்த இரண்டு அம்புகளையும் ஒட்டிப் போடாதீர்கள். நடுவில் இடம் விடுங்கள். அந்த இடைவெளிக்கு அளவு கிடையாது. ஒரு மில்லி செகண்டும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். `CLOSE_WAIT`-க்குக் கெர்னலில் காலக்கெடு எதுவும் இல்லை.

அந்தக் காலியிடத்தால் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். ஒரு கம்பெனியில் கணக்கு வழக்கு பார்க்கும் ஒரு சர்வர் ஏறத்தாழ ஒன்றரை நாளைக்கு ஒரு முறை நின்றுபோகும். லாகில் `Too many open files` என்று வரும். மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். புரோகிராம் எழுதியவர்கள் "நெட்வொர்க்கில் இணைப்பு சரியாக அறுபடவில்லை" என்றார்கள். நெட்வொர்க் ஆட்கள் "எங்கள் பக்கம் சுத்தம்" என்றார்கள். இரண்டு பக்கமும் மின்னஞ்சல் நீண்டுகொண்டே போனது. என்னைக் கூப்பிட்டபோது இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

அந்த அறையில் யாரோ சொன்ன ஒரு தகவல்தான் என் காதில் விழுந்தது. பொங்கல் விடுமுறையில், ஒரு ஆள்கூட உபயோகிக்காத நான்கு நாளிலும், அதே ஒன்றரை நாள் கணக்கில்தான் அது நின்றிருக்கிறது. அப்படியென்றால் உபயோகிப்பவர்களால் வரும் கோளாறு இல்லை. கடிகாரம் மாதிரி எதுவோ ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது.

சர்வரில் `netstat -tan` போட்டுப் பார்த்தோம். நூற்றுக்கணக்கில் `CLOSE_WAIT`. எல்லாமே ஒரே முகவரியிலிருந்து. அது அவர்களுடைய கண்காணிப்பு மெஷின். 2 நிமிடத்துக்கு ஒரு தடவை சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. இணைப்பைத் திறக்கும், திறந்தால் பச்சை விளக்கு, ஒன்றும் கேட்காமல் உடனே மூடிவிடும். மேலே போட்ட படம் அப்படியே அதுதான்.

அந்தக் கண்காணிப்பு மெஷினில் பார்த்தால் ஒன்றும் இல்லை. பார்க்கும் நேரத்தைப் பொறுத்து ஒரே ஒரு `FIN_WAIT2` இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. நெட்வொர்க் ஆட்கள் "சுத்தம்" என்றது பொய்யில்லை. புரோகிராம் கைவிட்ட இணைப்பு `FIN_WAIT2`-இல் நின்றால் லினக்ஸ் கெர்னல் வழக்கமாக 60 செகண்டில் அதைத் துடைத்துவிடும். ஆகவே ஒரு பக்கம் தடயமே இல்லை, மறுபக்கம் குவியல். பலகையில் படம் போட்டு, எந்த அம்பு வரை நடந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். மூன்று அம்பு திறக்க, கிளையன்டின் FIN, கெர்னலின் ACK. ஐந்து. ஆறாவது வரவில்லை. `tcpdump -nn -S` போட்டுப் பிடித்தபோதும் அதேதான்: `[S]`, `[S.]`, `[.]`, `[F.]`, `[.]`, அப்புறம் நிசப்தம். ஆறாவது அம்பு கிளம்ப வேண்டிய கோடு சர்வரின் கோடு. அதைக் கிளப்ப வேண்டியது புரோகிராம். வழியில் எந்த பாக்கெட்டும் தொலையவில்லை.

கோடில் பார்த்தால் காரணம் மூன்று வரியில் இருந்தது.

```
n = read(fd, buf, sizeof buf);
if (n <= 0)
    return -1;      /* close(fd) இல்லை */
```

எதிர்முனை FIN அனுப்பிவிட்டால் `read()` 0 என்று திருப்பித் தரும். ஒன்றும் கேட்காமல் மூடும் ஆள் வருவார் என்று எழுதியவர் எதிர்பார்க்கவில்லை. மற்ற எல்லா வழியிலும் `close()` இருந்தது. இந்த வழியில் மட்டும் சாக்கெட் கையிலேயே தங்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் புரோகிராமுக்கு அனுமதி 1024 ஃபைல் டிஸ்கிரிப்டர். தன் சொந்தச் செலவு போக ஏறத்தாழ 1000 மிச்சம். 2 நிமிடத்துக்கு ஒன்று போனால் 2000 நிமிடம், அதாவது 33 மணி நேரம் 20 நிமிடம். ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவு. கணக்கு ஒத்துப்போனதும் அறையில் சத்தம் அடங்கியது.

இதில் வேடிக்கை இரண்டு. ஒன்று, அதற்கு முன்பே யாரோ "1024-ஐ 65536 ஆக்கிவிடலாம்" என்று சொல்லி, அதற்கு ஒப்புதல் கடிதமும் தயாராக இருந்தது. செய்திருந்தால் ஒன்றரை நாள் என்பது 91 நாளாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிற்கும் சர்வரில் யார் இந்தத் தாளத்தைக் கண்டுபிடிப்பார்கள்? இரண்டாவது வேடிக்கை இன்னும் பெரியது. டிஸ்கிரிப்டர் தீர்ந்து சர்வர் நின்ற பிறகும், கண்காணிப்பு மெஷினில் சிறிது நேரம் பச்சை விளக்கே எரிந்திருக்கிறது. முன்பே சொன்னேனே, கைகுலுக்குவது கெர்னல்தான். `accept()` தோற்றுக்கொண்டே இருந்தாலும், வரிசையில் இடம் இருக்கும் வரை வாசல் காவலாளி எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டிருப்பார். வெறும் கைகுலுக்கலை வைத்து "சர்வர் நன்றாக இருக்கிறது" என்று சொல்ல முடியாது. ஒரு சின்னக் கேள்வி கேட்டு, அதற்குப் பதில் வந்தால்தான் நம்பலாம். அவர்களும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். `close(fd)` ஒரு வரி சேர்த்ததும் குவியல் நின்றது.

`TIME_WAIT` பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை `CLOSE_WAIT`-உடன் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய பேர். யார் முதலில் மூடினாரோ அவர் கோட்டின் அடியில்தான் `TIME_WAIT` வரும். கடைசி ACK வழியில் தொலைந்தால் எதிர்முனை FIN-ஐ மறுபடி அனுப்பும். பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். பழைய பாக்கெட்டுகள் அதே போர்ட் எண்ணில் வரும் புது இணைப்பில் நுழைந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. லினக்ஸில் இது 60 செகண்ட். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தானே கரையும், பெரும்பாலும் கவலை வேண்டாம். `CLOSE_WAIT` கரையாது. பத்து இருந்தாலும் பத்து நிமிடம் கழித்துப் பார்த்து, அதே பத்து இருந்தால் கோடைத் திறந்து பார்க்க வேண்டும்.

மாணவர்கள் இதை நம்ப வேண்டாம், லேபில் செய்து பாருங்கள். ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம். லினக்ஸில் ஒரு டெர்மினலில் `nc -l 7070` கொடுங்கள் (சில மெஷினில் `nc -l -p 7070`). உடனே Ctrl+Z அடியுங்கள். சர்வர் புரோகிராம் இப்போது மயக்கத்தில் இருக்கிறது. இன்னொரு டெர்மினலில் `nc 127.0.0.1 7070`. மூன்றாவதில் `netstat -tan | grep 7070`. சர்வர் மயங்கிக் கிடக்க, இரண்டு பக்கமும் `ESTABLISHED` என்று காட்டும். காவலாளியின் வேலை.

இப்போது கிளையன்ட் டெர்மினலில் Ctrl+C. மறுபடி `netstat` பார்த்தால் ஒரு பக்கம் `FIN_WAIT2`, மறுபக்கம் `CLOSE_WAIT`. ஐந்தாவது அம்பில் படம் நின்றுவிட்டது. அந்த அறையில் நாங்கள் பார்த்த அதே காட்சி. ஒரு நிமிடத்துக்குள் சர்வர் டெர்மினலில் `fg` கொடுத்தால் nc கண் விழித்து, எதிர்முனை போய்விட்டது என்று தெரிந்து மூடும். ஆறாவது, ஏழாவது அம்பு போய் கிளையன்ட் பக்கம் `TIME_WAIT` வரும். இன்னொரு தடவை அதையே செய்து, இந்த முறை டீ குடித்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து `fg` கொடுங்கள். அதற்குள் `FIN_WAIT2` துடைக்கப்பட்டிருக்கும். சர்வரின் FIN போகும், ஆனால் வாங்க ஆள் இல்லை. `tcpdump -i lo -nn -S port 7070` ஓட விட்டிருந்தால், ஏழாவது அம்பாக ACK-க்குப் பதில் `[R]` வருவதைப் பார்க்கலாம். அந்தப் படத்தையும் நோட்டில் போட்டுக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம், கையில் பேனா வைத்திருப்பேன்.